கோட்டுக்கு வெளியே முளைத்த காலனி: மாணவர் வளர்ப்புகளில் மாசு புகுந்த வழி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் மாணவரின் தட்டில் வேண்டாத காலனி முளைத்தால், "காண்டாமினேட் ஆயிடுச்சு, தூக்கிப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே மாணவர் அதே பிழையை மறுபடி செய்வார். தூக்கிப் போடுவதற்கு முன் தட்டை இரண்டு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். மாசு எந்தப் படியில், எந்த வழியாக வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். காலனி எங்கே முளைத்திருக்கிறது, எத்தனை, யார் யாருடைய தட்டில் என்ற மூன்று கேள்விகளே அதற்குப் போதுமானவை.

கீழே வரும் வகுப்பு எந்தக் குறிப்பிட்ட கல்லூரியையும் சேர்ந்ததல்ல. இளநிலை வகுப்புகளில் அடிக்கடி நேரும் பிழைகளை ஒரே மேசை வரிசையில் கொண்டுவந்து, எண்களையும் அதற்கேற்ப அமைத்து எழுதியிருக்கிறோம். காரணங்களும் கணக்குகளும் எந்த ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

வகுப்பில் கொடுத்த வேலை

24 மாணவர்கள், 12 இணைகள். நோய் உண்டாக்காத ஆய்வக வகையான ஈ. கோலை கே-12 பாக்டீரியாவை லூப் என்ற கம்பி வளையத்தால் நியூட்ரியண்ட் அகார் தட்டில் நான்கு பகுதிகளாகக் கோடிழுத்து, அதாவது ஸ்ட்ரீக் செய்து, தனித்தனிக் காலனிகளைப் பெறுவது முதல் வேலை. இரண்டாவது, நியூட்ரியண்ட் பிராத் என்ற திரவ ஊடகம் 5 மில்லி உள்ள குழாயில் அதே பாக்டீரியாவை ஒரு லூப் அளவு இடுவது. இவை எல்லா வகுப்பிலும் உள்ளவைதான்.

இந்த வகுப்பில் ஒவ்வொரு இணைக்கும் கூடுதலாக இரண்டு பிராத் குழாய்கள் தரப்பட்டன. ஒன்றைத் திறக்கவே கூடாது. மற்றதற்கு "வெறும் லூப்" குழாய் என்று பெயர். லூப்பைச் சுட்டு, ஆறவிட்டு, பஞ்சடைப்பை எடுத்து, பாக்டீரியா எதையும் தொடாமல் லூப்பை உள்ளே நனைத்து எடுத்து மூட வேண்டும். கையசைவுகள் எல்லாம் உண்டு, பாக்டீரியா மட்டும் இல்லை. ஒரு வகுப்புக்கு 24 குழாய்கள், 120 மில்லி பிராத் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவை மிச்சம்பிடிக்கும் ஆய்வகங்கள்தான், மாசு எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கின்றன.

இடுவதற்கான ஈ. கோலை முந்தைய நாள் மாலை மூன்று குழாய்களில் வளர்த்து வைக்கப்பட்டிருந்தது. அ, ஆ, இ என்று பெயரிட்ட அந்தக் குழாய்களை நான்கு இணைகளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டார்கள். தட்டுகளைத் தலைகீழாக வைத்து, குழாய்களோடு 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தார்கள். பிறகு தட்டுகளை மட்டும் அறை வெப்பத்தில் இன்னும் இரண்டு நாள் வைத்தார்கள், ஏனென்றால் காற்றில் வரும் பூஞ்சைகள் பல 37 டிகிரியில் மெதுவாகத்தான் தலைகாட்டும்.

மறுநாள் கண்டது

திறக்காத 12 குழாய்களும் தெளிவாக இருந்தன. வெறும் லூப் குழாய்களில் நான்கு கலங்கியிருந்தன. ஈ. கோலை இட்ட 12 குழாய்களும் நன்றாகக் கலங்கியிருந்தன.

தட்டுகளில் நான்கு சுத்தமாக இருந்தன. ஒன்றில் எதுவுமே முளைக்கவில்லை. மூன்றில் ஈ. கோலை ஒழுங்காக வளர்ந்திருந்தது, ஆனால் ஸ்ட்ரீக் கோட்டுக்கு வெளியே இரண்டு முதல் ஐந்து காலனிகள் தனியாக நின்றன. மீதி நான்கில் கோட்டின் மேலேயே இரண்டு வகைக் காலனிகள் கலந்து வளர்ந்திருந்தன.

திறக்காத குழாய்கள் தெளிவாக இருப்பதால் ஊடகத்தின் மீதும் ஆட்டோகிளேவ் மீதும் பழி போட முடியாது. அவற்றிலும் கலங்கல் இருந்திருந்தால் விசாரணை வேறு திசையில் போயிருக்கும். அப்போது முதலில் கேட்க வேண்டியது, ஆட்டோகிளேவில் காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகுதான் வால்வை மூடினார்களா என்பது. அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும், உள்ளே பாதிக் காற்று தங்கியிருந்தால் வெப்பம் 121 டிகிரிக்குப் பதில் 112 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். முள்ளைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. வால்விலிருந்து நீராவி சீராக, இடைவிடாமல் சில நிமிடங்கள் வந்த பிறகே மூட வேண்டும்.

ஈ. கோலை இட்ட 12 குழாய்களும் கலங்கியதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அவை நமக்கு எதையும் சொல்வதில்லை. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். இந்த ஆய்வின் மீதிப் பகுதி முழுவதும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒரே ஒரு செல்

வெறும் லூப் குழாயில் மாசாக ஒரே ஒரு பாக்டீரியா விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று மந்தமாகவே கணக்கிட்டாலும், 14 மணி நேரத்தில் 28 முறை இரட்டித்து ஏறக்குறைய 27 கோடி ஆகிவிடும். 5 மில்லி பிராத்தில் அது மில்லிக்கு 5 கோடிக்கும் மேல். கலங்கல் கண்ணுக்குத் தெரிய மில்லிக்குச் சுமார் ஒரு கோடி இருந்தாலே போதும். ஆக, காலியான பிராத்தில் ஒரு செல் விழுந்தாலும் மறுநாள் காலை காட்டிக்கொடுத்துவிடும்.

அதே ஒரு செல் ஈ. கோலை இட்ட குழாயில் விழுந்தால் கதை வேறு. இரவு முழுதும் வளர்ந்த வளர்ப்பில் மில்லிக்குச் சுமார் 100 கோடி செல் இருக்கும். லூப்பில் ஏறும் 10 மைக்ரோலிட்டரில் ஒரு கோடி. அந்த ஒரு கோடி 5 மில்லி பிராத்தில் 500 கோடியாகப் பெருகி நிற்கும், அதாவது 500 மடங்கு. கூட வந்த ஒற்றை மாசு செல்லும் அதே வேகத்தில் பெருகினால் 500 ஆகும். 500 கோடியில் 500 என்பது ஒரு கோடிக்கு ஒன்று. அதை எடுத்து ஸ்ட்ரீக் செய்தாலும் தட்டில் அகப்படாது. கலங்கிய குழாயைத் தூக்கிக் காட்டி "நன்றாக வளர்ந்திருக்கிறது" என்று சொல்லும் மாணவர் வளர்ச்சியைத்தான் காட்டுகிறார், தூய்மையை அல்ல.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. இன்று கை தவறி ஒரு வளர்ப்புக் குழாயில் விழுந்த மாசு, இன்று அந்தக் குழாயிலிருந்து எடுத்த தட்டில் கோட்டின் மேல் தெரியவே தெரியாது. எண்ணிக்கை போதாது. கோட்டின் மேல் தெரிகிறது என்றால், அது ஏற்கெனவே பெருகி, இட்ட ஈ. கோலைக்கு இணையாக வளர்ந்திருந்தது என்று பொருள்.

கோட்டின் மேல் இரண்டு வகை: நான்கு தட்டுகள்

இந்த நான்கு தட்டுகளையும் செய்தவர்கள் 5 முதல் 8 வரையிலான இணைகள். நால்வரும் "ஆ" குழாயிலிருந்து எடுத்தவர்கள். அ, இ குழாய்களிலிருந்து எடுத்த யாருக்கும் இப்படி வரவில்லை. இதைப் பலகையில் எழுதிப் பார்த்த கணமே பாதி விசாரணை முடிந்துவிட்டது.

தட்டின் கடைசிப் பகுதியில், காலனிகள் தனித்தனியாகப் பிரிந்த இடத்தில், பத்துக்கு ஒன்று என்ற அளவில் வேறு காலனி இருந்தது. ஈ. கோலை 2-3 மில்லிமீட்டர் அகலத்தில், சாம்பல் கலந்த வெளிர் நிறத்தில் ஈரப் பளபளப்போடு இருக்கும். மற்றது சிறியது, பால் வெள்ளை, ஒளி புகாதது, நடுவில் சற்று உயர்ந்தது. கண்ணாடிச் சில்லில் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி வைத்து, காலனியை அதில் அரை நிமிடம் குழப்பி லூப்பை மேலே தூக்கினால், கிராம் நெகட்டிவ் பாக்டீரியா நூல் போல இழுபடும். ஈ. கோலை இழுபட்டது, வெள்ளைக் காலனி இழுபடவில்லை. கிராம் சாயத்தில் அது ஊதா நிறக் கொத்துக் கொத்தான உருண்டைகள், கேட்டலேஸ் சோதனையில் குமிழ். தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகுப்புக்கு அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை.

மேலே போட்ட கணக்குப்படி இந்த அளவு மாசு 5ஆம் இணை பஞ்சடைப்பைத் திறந்தபோது விழுந்திருக்க முடியாது. முந்தைய மாலை ஈ. கோலை இட்டபோது விழுந்த ஒன்றிரண்டு செல்லாலும் முடியாது. ஈ. கோலை விழுவதற்கு முன்பே அந்தப் பிராத்தில் லட்சக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். பதிவேட்டில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அ, இ இரண்டும் அந்த வாரம் ஊற்றிய புதுக் குழாய்கள். மூன்றாவது குறைவாக இருந்ததால், இரண்டு நாளுக்கு முன் வேறு வகுப்பில் திறந்து, பயன்படாமல் திரும்ப மூடிவைத்த குழாய் ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. "தெளிவாகத்தானே இருந்தது" என்பது பதில். தெளிவாகத்தான் இருந்திருக்கும். மில்லிக்கு 10 லட்சம் செல் இருந்தாலும் பிராத் தெளிவாகவே தெரியும். 5 மில்லியில் 50 லட்சம் ஸ்டஃபைலோகாக்கஸ், அதில் ஒரு கோடி ஈ. கோலை இட்டால் தொடக்கமே ஒன்றுக்கு இரண்டு. மறுநாள் தட்டில் பத்துக்கு ஒன்றாக அது வந்து நிற்பதில் வியப்பில்லை.

ஆக இந்த நான்கு இணைகளின் கைமுறையில் பிழை எதுவும் இல்லை. மதிப்பெண் குறைத்திருந்தால் அநியாயம். திறந்த ஊடகக் குழாயை மறுபடி கிருமிநீக்கம் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது என்பது ஆய்வகத்துக்கான விதி. மாணவருக்குக் கொடுக்கும் வளர்ப்பு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தட்டை ஆய்வகமே முதலில் ஸ்ட்ரீக் செய்து பார்ப்பதும் அதே கணக்கில் சேரும்.

கலங்கிய நான்கு வெறும் குழாய்கள்

இவைதான் கைமுறையின் நேரடிச் சாட்சி. நான்கிலிருந்தும் ஒரு லூப் எடுத்து, ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களை மட்டும் வளரவிடும் மெக்கான்கி அகாரில் தடவினார்கள், கிராம் சாயமும் இட்டார்கள். 9ஆம் இணையின் குழாய் இளஞ்சிவப்புக் காலனிகளைத் தந்தது, அதாவது அவர்கள் இட்ட ஈ. கோலையே. மற்ற மூன்றும், அதாவது 2, 3, 10ஆம் இணைகளுடையவை, மெக்கான்கியில் வளரவில்லை. அவற்றில் பிராத்தின் மேல் மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் ஊதாக் கோல்கள், சிலவற்றின் நடுவே சாயம் ஏறாத முட்டை வடிவ வெற்றிடம். அது ஸ்போர், பாக்டீரியாவின் உறங்குநிலை வடிவம். பேசில்லஸ் என்று சொல்ல அது போதும்.

9ஆம் இணை முதலில் ஈ. கோலைக் குழாயை முடித்துவிட்டு, பிறகு வெறும் லூப் குழாயைத் திறந்தது. லூப்பை ஒழுங்காகச் சுட்டிருந்தால் வரிசை எதுவானாலும் பரவாயில்லை. அவர்கள் சுட்டது நுனி வளையத்தை மட்டும். பன்சன் பர்னரின் நீலச் சுடரில் கிடைமட்டமாக நீட்டினால் வளையமும் அதையடுத்த ஒரு சென்டிமீட்டரும்தான் செஞ்சூடாகும். மீதிக் கம்பியும் பிடியின் கீழ்நுனியும் ஈரமாகவே இருக்கும். வளர்ப்புக் குழாய்க்குள் போனபோது அந்தக் கம்பிதான் குழாயின் உட்சுவரில் உரசியது. அடுத்த குழாயின் சுவரிலும் அதுவே உரசியது.

கம்பியை ஏறக்குறைய நேர்குத்தாகப் பிடித்து, உட்கூம்பின் முனைக்குச் சற்று மேலே, முழு நீளமும் சிவக்கும்வரை வைக்க வேண்டும். குழாய்க்குள் நுழையும் அளவுக்குப் பிடியின் கீழ்ப்பகுதியையும் இரண்டு மூன்று முறை சுடரில் காட்ட வேண்டும். வளர்ப்பு ஒட்டிய லூப்பைத் திரும்பச் சுடும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: ஈரமான வளையத்தை நேரே சுடருக்குள் நுழைத்தால் அது தெறிக்கும். தெறிக்கும் துளிகளில் உயிருள்ள செல்கள் இருக்கும், மேசையிலும் முகத்திலும் விழும். கம்பியின் மேற்பகுதியில் தொடங்கி, வெப்பம் மெதுவாக வளையத்துக்கு இறங்கும்படி இழுத்தால் முதலில் காய்ந்து பிறகு எரியும்.

பேசில்லஸ் வந்த மூன்றில், 2, 3ஆம் இணைகள் பஞ்சடைப்பை மேசைமேல் வைத்ததை மேற்பார்வையாளர் குறித்திருந்தார். கேட்டபோது, "மேசையை ஆல்கஹால் போட்டுத் துடைச்சோமே மேடம்" என்றார்கள். துடைத்தது உண்மை. 70 சதவீத எத்தனால், வளரும் நிலையிலுள்ள பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொல்லும். புரதத்தை உருக்குலைக்கத் தண்ணீரும் வேண்டும் என்பதால் 95ஐவிட 70 நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஸ்போருக்கு அது ஒன்றுமே செய்யாது. துடைக்கும்போது தூசியோடு கொஞ்சம் போகும், மிச்சம் அங்கேயே இருக்கும். பஞ்சு அதைச் சுலபமாக ஒற்றி எடுக்கும், பிறகு நேராகக் குழாயின் வாயில் போய் அமரும். மேசையில் ஸ்போரையே கொல்ல வேண்டிய தேவை வந்தால், புதிதாக நீர்த்த 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டை 10 நிமிடமாவது ஈரமாக வைத்திருந்து, பிறகு துடைக்க வேண்டும். அதற்கும் மேலானது பஞ்சைக் கீழே வைக்காமலே இருப்பது.

பேசில்லஸ் ஸ்போரின் பிடிவாதம் புதுக் கதையல்ல. 1870களின் இறுதியில் லண்டனில் ஜான் டிண்டல், முன்பு சில நிமிடம் கொதிக்கவைத்தாலே கெடாமல் நின்ற தன் கஷாயங்கள், ஆய்வகத்துக்குள் பழைய வைக்கோல் வந்த பிறகு எத்தனை கொதிக்கவைத்தாலும் கெடுவதைக் கண்டார். கடைசியில் சோதனையைக் கியூ தாவரவியல் தோட்டத்திலுள்ள ஜோட்ரெல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனபோதுதான் பழைய முடிவுகள் திரும்பக் கிடைத்தன. விட்டு விட்டு மூன்று நாள் கொதிக்கவைக்கும் முறை அந்தத் தொல்லையிலிருந்து பிறந்தது. தானியம், உலர்ந்த இலை, மண் ஆகியவற்றைக் கையாளும் தாவரவியல் வகுப்பும் நுண்ணுயிரியல் வகுப்பும் ஒரே அறையைப் பகிரும் கல்லூரிகளில் பேசில்லஸ் தொல்லை கூடுதலாக இருப்பதற்கும் காரணம் அதுவே.

10ஆம் இணை பஞ்சை ஒழுங்காகச் சுண்டு விரலில்தான் பிடித்திருந்தது. ஆனால் பஞ்சை எடுத்த பிறகுதான் லூப்பைச் சுட நினைத்தார்கள். லூப் ஆறும்வரை குழாய் வாய் திறந்து, நேர்குத்தாக நின்றது. விழும் தூசிக்கு அதைவிட நல்ல இலக்கு இல்லை. வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் லூப், அது ஆறிய பிறகே பஞ்சு. குழாயைச் சாய்த்துப் பிடித்தால் வாய் மேலே பார்த்து நிற்காது. வாயை ஒருமுறை சுடரில் சுழற்றுவது கண்ணாடியைக் கிருமிநீக்கம் செய்வதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓரிரு வினாடியில் அது நடக்காது. விளிம்பில் ஒட்டிய பஞ்சிழை கருகும், உள்ளேயுள்ள காற்று சூடாகி வெளிநோக்கி நகரும். அந்த நேரத்தில் தூசி உள்ளே இறங்குவது குறைகிறது. பயன் அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

அடுத்த வகுப்பில் பஞ்சின் விஷயத்தை மட்டும் வேண்டுமென்றே சோதித்தார்கள். பாக்டீரியா இல்லை, பிராத் குழாய்கள் மட்டும். பஞ்சைச் சுண்டு விரலில் பிடித்து மூடிய பத்தும் தெளிவாக நின்றன. துடைத்த மேசையில் பத்து வினாடி வைத்து எடுத்து மூடிய பத்தில் நான்கு கலங்கின. கவனிக்க வேண்டியது கலங்காத ஆறைத்தான். பிழை செய்தும் பாதிக்கு மேல் தப்பிவிடுகிறது. "நான் எப்பவும் மேசைலதான் வைப்பேன், ஒண்ணும் ஆனதில்லை" என்ற நம்பிக்கை வளர்வது இப்படித்தான். வேறு பாக்டீரியா இட்ட குழாயில் அந்த நான்கும்கூடக் கண்ணில் படாமல் மறைந்திருக்கும்.

கோட்டுக்கு வெளியே: மூன்று தட்டுகள்

லூப் தொடாத இடத்தில் காலனி இருந்தால், அதை லூப் கொண்டுவரவில்லை. காற்றிலிருந்து விழுந்திருக்க வேண்டும், அல்லது கை பட்டிருக்க வேண்டும். விரல் பட்டால் தடம் ஓரத்தில், கொத்தாக இருக்கும். இந்த மூன்றிலும் காலனிகள் சிதறி நின்றன: பிரகாசமான மஞ்சளில் ஒன்றிரண்டு (அநேகமாக மைக்ரோகாக்கஸ்), வெள்ளைச் சிறு உருண்டைகள், மூன்றாம் நாள் ஒரு தட்டில் கரும்பொடி தூவியதுபோல ஆஸ்பெர்ஜில்லஸ். அகாரின் பரப்பில்தான் எல்லாம், ஆழத்தில் எதுவும் இல்லை. அகாருக்குள் புதைந்த வில்லை வடிவக் காலனிகள் இருந்திருந்தால், ஊற்றும்போதே மாசு கலந்துவிட்டது என்று பொருள்.

அறையின் காற்று எவ்வளவு சுமை கொண்டது என்று அளப்பது எளிது. அதே நாளில் மேசைமேல் மூடி இல்லாமல் 30 நிமிடம் திறந்து வைத்த தட்டில் 24 காலனிகள் வந்தன. மின்விசிறி குறைந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. நிமிடத்துக்கு 0.8 காலனி. பழக்கமில்லாத மாணவர் மூடியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நான்கு பகுதி ஸ்ட்ரீக்கையும் நடுநடுவே லூப் சுடுவதையும் ஆறவிடுவதையும் முடிக்க நான்கு நிமிடம் ஆகிறது. கணக்குப்படி மூன்று காலனி விழ வேண்டும். வந்தவை இரண்டு முதல் ஐந்து. இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல.

மூடியை ஒரு பக்கம் மட்டும், லூப் நுழையும் அளவுக்குத் தூக்கி, கோடு இழுக்கும்போது மட்டும் திறந்து, லூப் சுடும்போது மூடி வைத்தால், மொத்தம் திறந்திருக்கும் நேரம் 20 வினாடிதான். மூடி கூரைபோல மேலே நிற்பதால் நேரே விழும் தூசியும் தடுக்கப்படும். எதிர்பார்ப்பு 0.3க்கும் கீழே. மின்விசிறியை 20 நிமிடம் முன்பே நிறுத்தி, கதவைச் சாத்திய பிறகு வைத்த இன்னொரு தட்டில் அதே 30 நிமிடத்தில் 9 காலனிகளே விழுந்தன. மே மாதத்தில் விசிறி இல்லாமல் 24 பேர் ஒரு அறையில் நிற்பது சிரமம்தான். ஆனாலும் விசிறியை வேலை தொடங்கும் நிமிடத்தில் நிறுத்துவதால் பயன் குறைவு. கிளம்பிய தூசி இறங்க நேரம் வேண்டும்.

சுடருக்குப் பக்கத்தில் வேலை செய்வது ஏன் என்பதும் இங்கே புரியும். சூடான காற்று மேலேறும்போது சுற்றிலும் ஒரு மேல்நோக்கிய ஓட்டம் உண்டாகிறது. ஏறக்குறைய ஒரு சாண் தூரம்வரை அது உதவும், அதற்கு அப்பால் வெறும் அலங்காரம். விசிறி ஓடும்போது அந்த ஒரு சாணும் இல்லை. சுடர் ஆடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

லேமினார் ஃப்ளோ இருந்தால் இதெல்லாம் வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அங்கே வடிகட்டிய காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துக்கும் திறந்த தட்டுக்கும் நடுவில் கை வராமல் இருந்தால்தான் அதன் பயன். கையை நடுவில் நீட்டினால், அது கையிலுள்ளதை ஒழுங்காகத் தட்டின்மேல் ஊதிக்கொடுக்கும்.

எதுவும் முளைக்காத தட்டு

11ஆம் இணையின் தட்டைப் பலர் "மாசு இல்லை" என்று நல்ல கணக்கில் சேர்த்துவிடுவார்கள். சாய்த்துப் பார்த்தபோது முதல் கோட்டில் அகார் உருகி மீண்டும் உறைந்த பளபளப்பான தடம் இருந்தது. லூப் ஆறவில்லை. வளர்ப்பில் நனைத்தபோது "சுர்ர்" என்ற சத்தம் கேட்டதை அவர்களே சொன்னார்கள். செல்கள் அங்கேயே செத்துவிட்டன, கொஞ்சம் காற்றில் தெறித்தும் போயின. சுடருக்கு அருகில் அசையாமல் 10-15 வினாடி பிடித்தால் நைக்ரோம் கம்பி ஆறிவிடும். சந்தேகமாக இருந்தால், வளர்ப்பில் வைக்கும் முன் தட்டின் ஓரத்தில், ஸ்ட்ரீக் வராத இடத்தில், அகாரைத் தொட்டுப் பார்க்கலாம். ஆட்டுவதும் ஊதுவதும் கூடாது. ஊதிய லூப் வாயிலுள்ளதைச் சுமந்துகொண்டு போகும்.

எது தெரியாமல் போகும்

இந்தக் கட்டுப்பாட்டுக் குழாய்களும் எல்லாவற்றையும் பிடிக்காது. வெறும் லூப் குழாய் அந்த இணையின் ஒரு முறைக் கையசைவைத்தான் சோதிக்கிறது. பஞ்சுச் சோதனையில் பத்துக்கு நான்குதான் கலங்கியது என்பதால், ஒரு குழாய் தெளிவாக இருப்பது அந்த மாணவர் பிழையே செய்யவில்லை என்பதற்குச் சான்றாகாது. இன்னொரு ஈ. கோலை வகை கலந்தால் காலனி, கிராம் சாயம், மெக்கான்கி மூன்றும் ஒரே மாதிரிதான் சொல்லும். அதை இந்த அளவுச் சோதனையால் பிரிக்க முடியாது. 37 டிகிரியில் வளராத நீர் பாக்டீரியாக்கள் குழாயில் இருந்தாலும் தெளிவாகவே தெரியும். ஆகவே திறக்காத குழாய்களில் இரண்டை அறை வெப்பத்தில் ஒரு வாரம் வைப்பது நல்லது.

தட்டுகளைப் பார்த்து முடித்ததும் மூடியைத் திறந்து முகர்வதும், பூஞ்சை வந்ததை அறையில் சுற்றுக்கு விடுவதும் கூடாது. ஒரே ஒரு கருப்புப் பூஞ்சைத் தட்டைத் திறந்தால், அடுத்த சில நாளுக்கு அந்த அறையில் வைக்கும் தட்டுகளிலும் அது வரலாம். பூஞ்சை உள்ள தட்டை ஒட்டுநாடா போட்டு மூடியே வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கெடுத்த அன்றே எல்லாத் தட்டுகளையும் குழாய்களையும் ஆட்டோகிளேவ் பையில் இறுக்கிக் கட்டாமல் போட்டு, 121 டிகிரியில் 30 நிமிடமாவது வைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். பை இறுகக் கட்டியிருந்தால் நீராவி உள்ளே போகாது, நடுவிலுள்ள தட்டுகள் வெந்திருக்காது.